போனில் பேசி முடித்ததை மெயிலில் உறுதி செய்வது: டர்பனுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு

2019-இல் ஒரு மருந்துக்கடைக்கு அலமாரிகள் செய்து கொடுத்தோம். விலையைப் போனில் சொன்னவன் நான். நாற்பத்தெட்டாயிரம் ராண்ட் என்றேன், கடைக்காரரும் சரி என்றார். வேலை முடிந்து இன்வாய்ஸ் போனபோது அதில் 55,200 என்று இருந்தது, 15 சதவீத வாட் சேர்த்து. அவர் கூப்பிட்டுக் கத்தவெல்லாம் இல்லை. "நாற்பத்தெட்டு என்றுதானே சொன்னீர்கள்?" என்று மட்டும் கேட்டார். ஆமாம், அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

எங்கள் கணக்காளரிடம் போனேன். வரி தனி என்று பேசிக்கொள்ளாவிட்டால், சொன்ன விலைக்குள்ளேயே வரியும் அடங்கியதாகத்தான் இந்த நாட்டு வாட் சட்டம் எடுத்துக்கொள்ளும் என்று அவர் விளக்கினார். 48,000-க்குள் அடங்கும் வரி 6,260 ராண்ட் 87 சென்ட். அவ்வளவும் எங்கள் கையிலிருந்து போனது. அன்று போனை வைத்ததும் இரண்டு வரியில் ஒரு மெயில் போட்டிருந்தால், "வாட் சேர்த்தா, சேர்க்காமலா?" என்ற கேள்வி வேலை தொடங்கும் முன்பே வந்திருக்கும்.

நாங்கள் செய்வது ஷாப்ஃபிட்டிங் தொழில். கடைகளுக்குக் கவுன்டர், அலமாரி, தடுப்பு எல்லாம் பட்டறையில் செய்து கொண்டுபோய்ப் பொருத்துவோம். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து இந்தத் தொழிலிலும் இதைப்போன்ற தொழில்களிலும் வாடிக்கையாளரோடு பேசும் வேலையில் சேர்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இங்கே வாடிக்கையாளர்களில் பலர் நான்கைந்து தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள். பெயர் தமிழாக இருக்கும், பேச்சு ஆங்கிலத்தில் நடக்கும். மெயிலும் ஆங்கிலத்தில்தான் போகும். புரிவதற்காக இங்கே எல்லாவற்றையும் தமிழில் சொல்கிறேன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே

நல்ல மெயில் எழுதுவதில் பாதி வேலை போன் காதில் இருக்கும்போதே முடிந்துவிடும். ஒரு தாளை எடுத்து மேலே தேதி, நேரம், பேசுபவர் யார் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவர் ஒன்றைத் தீர்மானமாகச் சொன்னால் பக்கத்தில் ஒரு சரி அடையாளம் போடுங்கள். யோசனையாகவோ கேள்வியாகவோ சொன்னால் கேள்விக்குறி. இதைப் பேச்சு நடக்கும்போதே போட்டுவிட வேண்டும். போனை வைத்துப் பத்து நிமிடம் ஆனால், அவர் யோசனையாகச் சொன்னதும் முடிவாகச் சொன்னதும் நம் மனதில் ஒன்றாகிவிடும். அதிலும் நமக்குச் சாதகமானது எப்போதும் முடிவாகவே நினைவில் நிற்கும்.

வைப்பதற்கு முன் ஒரு நிமிடம் கேட்டு வாங்குங்கள். "ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிடுகிறேன், சரியா என்று சொல்லுங்கள்" என்று தாளில் உள்ளதை வாசியுங்கள். கடைசியில், "இதையே மெயிலில் அனுப்புகிறேன், பார்த்துவிட்டு ஒரு வரி பதில் போடுங்கள்" என்று சொல்லி வையுங்கள். இதைச் சொல்லாமல் திடீரென்று மெயில் போனால், நம்மை நம்பவில்லையோ என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சொல்லிவிட்டு அனுப்பினால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

"ரெக்கார்ட் செய்து வைத்துக்கொண்டால் போதாதா?" என்று புதிதாக வரும் எல்லோரும் கேட்கிறார்கள். பேச்சில் பங்கு கொள்பவர் தன் பேச்சைப் பதிவு செய்ய இங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் இருபது நிமிடப் பதிவு யார் என்ன புரிந்துகொண்டார் என்பதைச் சொல்லாது. இருவரும் ஒரே சொல்லைக் கேட்டு இரண்டு விதமாகப் புரிந்துகொண்டதுதான் பெரும்பாலான தகராறு. அதைப் பதிவு தீர்க்காது.

ஒரு போன் பேச்சு

ஒன்றை முழுதாக எடுத்துப் பார்ப்போம். சாட்ஸ்வர்த்தில் ஒரு மாலுக்குள் புதிதாக வரும் இனிப்புக் கடை. கடையை நடத்தப்போகிறவர் ஒரு ஆன்ட்டி. இங்கே வயதில் மூத்த பெண் வாடிக்கையாளரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவோம். மேடம் என்றால் அவரே சிரிப்பார். கொட்டேஷனில் கையெழுத்துப் போட்டவர் அவருடைய அண்ணன். 2025 ஜூன் 10, செவ்வாய்க்கிழமை காலை 11.20-க்கு ஆன்ட்டி கூப்பிட்டார். பதினான்கு நிமிடப் பேச்சு. அதில் நமக்கு வேண்டிய பகுதி மட்டும் இது:

"தம்பி, கவுன்டர் சின்னதாப் போச்சு. அதை ஃபோர் டூ ஆக்கிடுங்க. எவ்வளவு கூட ஆகும்?"

"ஒன்பதாயிரத்து நானூறு ஆகும் ஆன்ட்டி. வாட் தனி."

"சரி, பரவாயில்ல. அப்புறம் மேலே கிரானைட்டுக்குப் பதிலா குவார்ட்ஸ் போட்டா நல்லா இருக்குமே. லட்டு நெய் எல்லாம் ஊறாதாம்."

"போடலாம். விலை கேட்டுச் சொல்றேன்."

"கேளுங்க. மால்காரங்க படம் கேக்கறாங்க. புதுப் படம் குடுத்தீங்கன்னா திங்கக்கிழமைக்குள்ள அவங்க கிட்ட ஓகே வாங்கிடறேன். ஆனா இருபத்தாறாந் தேதி வேணாம், முப்பதாந் தேதி ராத்திரி வேலை ஆரம்பிங்க. பிளக் பாயின்ட் எல்லாம் நம்ம ஆளு பாத்துக்குவான். அவன் நம்பரை ஜஸ்ட் நவ் அனுப்பறேன்."

கேட்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. இதில் ஐந்து கண்ணிகள் இருக்கின்றன.

முதலாவது "ஃபோர் டூ". இந்தத் தொழிலில் அளவு எல்லாம் மில்லிமீட்டரில்தான். ஃபோர் டூ என்றால் 4200 மில்லிமீட்டர். ஊரில் அடிக்கணக்கில் பேசிப் பழகியவருக்கு இது சட்டென்று பிடிபடாது. இன்னொன்றும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி போடுவார்கள். 4,2 மீட்டர் என்று எழுதினால் நாலே கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்று பொருள். நாமோ ஆயிரத்தைப் பிரிக்கக் காற்புள்ளி போட்டுப் பழகியவர்கள். அதனால் மெயிலில் அளவுக்கும் பணத்துக்கும் நான் காற்புள்ளியே போடுவதில்லை. 4200 மி.மீ., 9400 ராண்ட், அவ்வளவுதான்.

இரண்டாவது திங்கட்கிழமை. அடுத்த திங்கள் ஜூன் 16, இளைஞர் தினம், அரசு விடுமுறை. மால் நிர்வாக அலுவலகம் அன்று திறந்திருக்குமா என்பது சந்தேகம். ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாதவருக்கு இந்த விடுமுறைகள் மனதில் இருக்காது. மெயில் எழுதும்போது காலண்டரைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது "ஜஸ்ட் நவ்". ஊரில் படித்த ஆங்கிலத்தில் இதற்கு இப்போதுதான், இந்த நிமிடம் என்று பொருள். இங்கே அது 'அப்புறம் பார்த்து' என்பதற்குச் சமம். ஒரு மணி நேரமும் ஆகலாம், நாளையும் ஆகலாம், மறந்தும் போகலாம். 'நவ் நவ்' என்றால் அதைவிடக் கொஞ்சம் சீக்கிரம். நான் வந்த புதிதில் ஒருவர் ஜஸ்ட் நவ் வருகிறேன் என்றதை நம்பி, மழையில் கடை வாசலில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். இந்தச் சொற்கள் எதுவும் மெயிலுக்குள் வரக் கூடாது. தேதியும் நேரமும்தான் வர வேண்டும்.

நான்காவது "நம்ம ஆளு". பிளக் பாயின்ட் போடுவது அவருடைய எலக்ட்ரீஷியன், அது சரி. ஆனால் வேலை முடிந்ததும் மின் இணைப்புக்கு ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். இங்கே எல்லோரும் சுருக்கமாகச் சி.ஓ.சி. என்பார்கள். பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன்தான் அதைக் கொடுக்க முடியும். அந்த ஆள் கொடுப்பாரா, நம் ஆள் வந்து கொடுக்க வேண்டுமா என்பதைப் பற்றி இருவரும் பேசவே இல்லை.

ஐந்தாவது குவார்ட்ஸ். "போட்டா நல்லா இருக்குமே" என்பது ஆசைதான், ஆர்டர் ஆகாது. விலை தெரிந்த பிறகு அவரே வேண்டாம் என்று சொல்லலாம்.

மூன்றாகப் பிரிப்பது

எழுத உட்காரும் முன் தாளில் உள்ளதை மூன்று கூறாக்குங்கள்: முடிவானது, யார் எதை எப்போது செய்வது, இன்னும் முடிவாகாதது. இந்த மூன்றாவதைத்தான் பெரும்பாலானவர்கள் எழுதுவதில்லை. முடிவாகாததை எழுதினால் நாம் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று தோன்றுமோ என்ற கூச்சம். உண்மையில் பணம் போகும் இடம் அதுதான். இந்தக் கடை விஷயத்தில் குவார்ட்ஸும் சான்றிதழும் மெயிலில் வராமல் போயிருந்தால், நாம் கிரானைட்டை வெட்டியிருப்போம், அவர் குவார்ட்ஸை எதிர்பார்த்திருப்பார். சான்றிதழுக்கு இரண்டு பக்கமும் மற்றவர் முகத்தைப் பார்த்திருப்போம்.

பிரிக்கும்போது சந்தேகம் வந்தால் எப்போதும் கீழே இறக்குங்கள். முடிவா, யோசனையா என்று தெரியவில்லை என்றால் அது முடிவாகாதது. தவறுதலாக முடிவானதை முடிவாகாதது என்று எழுதினால், "அது பேசிவிட்டோமே" என்று அவர் திருத்துவார், நஷ்டம் ஒன்றுமில்லை. யோசனையை முடிவு என்று எழுதினால், நாம் எதையோ அவர் தலையில் கட்டப் பார்ப்பதாக நினைப்பார். ஒருமுறை அப்படி நினைத்துவிட்டால் அதற்குப் பிறகு நம் மெயில் ஒவ்வொன்றையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

போனை வைத்து ஒரு மணி நேரத்துக்குள் அனுப்பிவிடுங்கள், எப்படியும் அன்று மாலைக்குள். அவருக்கும் பேச்சு நினைவில் இருக்கும்போது போனால்தான் தவறைக் கண்டுபிடிப்பார்.

மெயில்

முதலில் எங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி எழுதிக் காட்டியதைப் பாருங்கள்:

> வணக்கம் ஆன்ட்டி, இன்று பேசியது மகிழ்ச்சி. பேசியபடி கவுன்டரைப் பெரிதாக்கி, குவார்ட்ஸ் போட்டு, மாத இறுதியில் வேலையை ஆரம்பிக்கிறோம். மால் அனுமதியை விரைவில் வாங்கிக் கொடுங்கள். நன்றி.

இதைப் படித்து யாரும் "இல்லை" என்று சொல்ல மாட்டார்கள். அதுதான் இதில் இருக்கும் கோளாறு. எவ்வளவு பெரிதாக, என்ன விலைக்கு, எந்தத் தேதியில் என்று எதையும் சொல்லவில்லை, அதனால் மறுக்கவும் ஒன்றுமில்லை. போதாததற்குக் குவார்ட்ஸை முடிவாக்கிவிட்டது. நாங்கள் கடைசியில் அனுப்பியது இது:

> பொருள்: வேலை எண் 214, ஜூன் 10 போன் பேச்சு: கவுன்டர் நீளம், புதிய தேதி. வியாழன் 12-க்குள் உங்கள் பதில் தேவை
>
> வணக்கம் ஆன்ட்டி,
>
> இன்று காலை 11.20-க்கு நாம் பேசியதில் நான் புரிந்துகொண்டது கீழே. எங்காவது தவறாக இருந்தால் திருத்திச் சொல்லுங்கள்.
>
> முடிவானவை:
> 1. கவுன்டரின் மொத்த நீளம் 3600 மி.மீ.-இலிருந்து 4200 மி.மீ. ஆகிறது. ஆள் உள்ளே போகும் மடக்குப் பலகையும் இந்த 4200-க்குள் அடங்கும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றி நாம் பேசவில்லை.
> 2. இதற்குக் கூடுதல் விலை 9400 ராண்ட், வாட் தனி. வாட் சேர்த்து 10810 ராண்ட்.
> 3. கடையில் வேலை தொடங்குவது ஜூன் 26-க்குப் பதில் ஜூன் 30, திங்கள் இரவு, மால் மூடிய பிறகு.
>
> செய்ய வேண்டியவை:
> 4. நாங்கள்: புதிய அளவில் படம், ஜூன் 12 வியாழன் மாலை 5-க்குள்.
> 5. நாங்கள்: குவார்ட்ஸ் விலை, ஜூன் 13 வெள்ளிக்குள்.
> 6. நீங்கள்: மால் நிர்வாகத்தின் எழுத்து அனுமதி. திங்கள் என்றீர்கள். ஜூன் 16 விடுமுறை என்பதால் ஜூன் 17 செவ்வாய் என்று போட்டிருக்கிறேன், சரியா?
> 7. நீங்கள்: எலக்ட்ரீஷியனின் எண். முடிந்தால் நாளை, புதன்.
> 8. உங்கள் எலக்ட்ரீஷியன்: பிளக் பாயின்ட் வேலை. பேச்சில் தேதி வரவில்லை. ஜூன் 28 சனிக்குள் முடியுமா?
>
> இன்னும் முடிவாகாதவை:
> 9. மேலே கிரானைட்டா, குவார்ட்ஸா. இப்போதைக்குக் கொட்டேஷனில் உள்ளபடி கிரானைட்தான். கல் அறுப்பவருக்கு எட்டு வேலை நாள் வேண்டும், அதனால் ஜூன் 18 புதன் மதியத்துக்குள் சொன்னால்தான் 30-ஆம் தேதி நிற்கும்.
> 10. மின் பாதுகாப்புச் சான்றிதழை யார் கொடுப்பது. எங்கள் விலையில் அது இல்லை.
>
> 1, 2, 3 சரி என்றால் "சரி" என்று ஒரு வரி பதில் போதும். அது வந்த பிறகே பட்டறையில் பலகை வெட்டுவோம்.

பொருள் வரியில் வேலை எண்ணும் தேதியும் இருக்கின்றன. ஆறு மாதம் கழித்துத் தேடினால் அதைக்கொண்டுதான் கிடைக்கும். பதில் தேவை என்பதும் அங்கேயே இருக்கிறது, ஏனென்றால் கடைக்காரர்கள் மெயிலைப் போனில் பார்ப்பார்கள், பாதிப் பேர் திறக்கவே மாட்டார்கள். வரிசை எண்களைத் தொடர்ச்சியாகப் போட்டிருப்பதற்கும் காரணம் உண்டு. "ஆறு சரி, எட்டு முடியாது" என்று அவர் ஒரு வரியில் பதில் போடலாம். ஒவ்வொரு தலைப்புக்கும் ஒன்றிலிருந்து தொடங்கினால் எந்த இரண்டு என்று நாம் திரும்பக் கேட்க வேண்டி வரும்.

ஆறாவது வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அவர் திங்கள் என்றார். நாமாகச் செவ்வாய் என்று மாற்றி எழுதி விட்டுவிட்டால் அது அவர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் வைப்பதாகும். திங்கள் என்றே எழுதினால் நடக்காது என்று தெரிந்தும் எழுதியதாகும். அதனால் அவர் சொன்னது, நாம் மாற்றியது, ஏன் மாற்றினோம் என்று மூன்றும் வரிக்குள் வருகின்றன. முதல் வரியில் மடக்குப் பலகை விஷயமும் அப்படித்தான். நம் ஊகத்தை மறைத்து வைக்காமல் ஊகம் என்றே எழுதினோம். அது பின்னால் உதவியது, சொல்கிறேன்.

நன்றியுரை, நலம் விசாரிப்பு எல்லாம் ஒரு வரியில் இருந்தால் போதும். பேச்சில் வந்த மற்றவை, அவருடைய மகனின் கல்யாணம், முந்தைய கான்ட்ராக்டர் ஏமாற்றிய கதை, மால்காரர்களைப் பற்றி அவர் சொன்ன வசவு, எதுவும் மெயிலில் வரக் கூடாது. இந்த மெயிலை நாளை அவர் மால் நிர்வாகத்துக்கே ஃபார்வர்ட் செய்யலாம்.

யாருக்கு அனுப்புவது

போனில் பேசியது ஆன்ட்டி. ஆனால் கொட்டேஷனில் கையெழுத்துப் போட்டது அண்ணன், பணம் அவர் கணக்கிலிருந்து வரும். விலை மாறும் எந்த மெயிலும் கையெழுத்துப் போட்டவருக்கும் போக வேண்டும். இருவரையும் பெறுநர் வரியிலேயே போடுங்கள், நகல் வரியில் போட்டால் தனக்கு வேலை இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். ஆன்ட்டியிடம் போனிலேயே, "அண்ணனுக்கும் சேர்த்து அனுப்புகிறேன்" என்று சொல்லிவிடுங்கள், பிறகு மனக்கசப்பு வராது. நம் பக்கம் பட்டறைப் பொறுப்பாளரை நகலில் வைத்தால் போதும்.

வாட்ஸ்அப் இங்கே உயிர்மூச்சு. மெயில் அனுப்பியதும், "மெயில் போட்டிருக்கிறேன் ஆன்ட்டி, ஒரு தடவை பார்த்துவிடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள். பதில் அங்கேயே வந்தால் அந்தத் திரையைப் படம் எடுத்து வேலைக் கோப்பில் வைத்து, மெயிலிலும் "இன்று மாலை வாட்ஸ்அப்பில் சரி என்று சொன்னீர்கள், நன்றி" என்று பதிந்துவிடுங்கள். சிலர் செய்திகள் தானாக அழிந்துவிடும்படி வைத்திருப்பார்கள். கட்டைவிரல் படம் வந்தால் அதை நான் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை, பார்த்துவிட்டார் என்று மட்டும் வைத்துக்கொள்வேன். பணம் சம்பந்தப்பட்டதற்குச் சொல்லாகவே வாங்குங்கள்.

பதில் வராவிட்டால்

"வியாழனுக்குள் பதில் இல்லையென்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம்" என்று ஒரு வரி சேர்ப்பது பலருக்கு வழக்கம். அந்த வரிக்கு நீங்கள் நினைக்கும் அளவு பலம் கிடையாது. பேசாமல் இருப்பதையே சம்மதமாக்கிவிட ஒரு தரப்பால் மட்டும் முடியாது. அதே சமயம் மௌனத்துக்கு எடையே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1982-இல் இந்த நாட்டின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது, வியாபார வழக்கப்படி மறுத்துப் பதில் போட்டிருக்க வேண்டிய இடத்தில் ஒருவர் போடாமல் இருந்தால், அந்த மௌனம் அவருக்கு எதிரான சான்றாக எடுத்துக்கொள்ளப்படலாம் என்பது. அதாவது, பதில் வராத மெயிலும் வீண் இல்லை, ஆனால் அதை நம்பிக் கல்லை அறுக்கவும் கூடாது.

நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. திரும்ப எடுக்க முடியாத காரியம் எதுவோ, பலகை வெட்டுவது, கல் ஆர்டர், ஆட்களுக்கு இரவு வேலை போடுவது, அதற்கு "சரி" என்ற சொல் வந்தே ஆக வேண்டும். படம் வரைவது, விலை கேட்பது மாதிரி திரும்ப எடுக்கக்கூடிய காரியங்களைப் பதில் வராமலே தொடங்கலாம். கெடு முடிந்த அன்று போன் செய்யுங்கள். அந்தப் போனில் அவர் "சரிதான் தம்பி, ஆரம்பிங்க" என்றால், அதையும் அதே மெயிலுக்குப் பதிலாக ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள்.

உங்கள் பெயரும் கையெழுத்துதான்

புதிதாக வந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று. பெரும்பாலான கொட்டேஷனிலும் ஒப்பந்தத்திலும், எந்த மாற்றமும் எழுத்தில் இருந்து இரு தரப்பும் கையெழுத்திட்டால்தான் செல்லும் என்று ஒரு வரி இருக்கும். 1964-இலிருந்தே இந்த நாட்டு நீதிமன்றங்கள் அந்த வரியை மதிக்கின்றன. வாய்ப்பேச்சால் அதை மீற முடியாது. ஆகவே போனில் ஆன்ட்டி எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும், அந்த வரி உள்ள ஒப்பந்தத்தில் கவுன்டர் இன்னும் 3600-தான்.

சரி, மெயிலில் கையெழுத்து எங்கே இருக்கிறது? 2014-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கார் கழுவும் தொழிலில் கருவிகளை வாடகைக்கு எடுத்த ஒப்பந்தங்கள், ரத்து செய்வதென்றால் எழுத்தும் கையெழுத்தும் வேண்டும் என்ற வரி. இரு தரப்பும் மெயிலில் பேசியே ரத்து செய்துகொண்டார்கள். பிறகு ஒரு தரப்பு, கையெழுத்து இல்லை என்றது. மெயிலின் கீழே அவரவர் தட்டிய பெயரே கையெழுத்துக்குச் சமம் என்று நீதிமன்றம் முடிவு சொன்னது. 2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புச் சட்டத்தை வைத்துச் சொன்ன தீர்ப்பு அது. எல்லா வகை ஆவணத்துக்கும் இது பொருந்தாது, நிலம் வீடு விற்பதற்கு மெயில் போதாது. ஒப்பந்தத்திலேயே மெயில் செல்லாது என்று எழுதியிருந்தாலும் கதை வேறு. நம் கவுன்டர் வேலைக்கு இது போதும்.

இதில் நமக்கும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. அவர் பெயர் கையெழுத்தாகும் என்றால் உங்கள் பெயரும் ஆகும். விலையைக் குறைக்கவோ தேதியை மாற்றவோ உங்களுக்கு அதிகாரம் இல்லையென்றால், முதலாளியிடம் கேட்ட பிறகே அந்த வரியை எழுதுங்கள். போனில் வாய்தவறிச் சொல்லிவிட்டிருந்தால், "விலை பற்றி எங்கள் மேலாளரிடம் கேட்டு நாளை உறுதி செய்கிறேன்" என்று முடிவாகாதவற்றின் கீழே போடுங்கள். சொல்லவே இல்லை என்று சாதிக்காதீர்கள், அவருக்கும் காது இருக்கிறது.

திருத்தம் வந்தால்

ஆன்ட்டி அன்று மாலையே பதில் போட்டார். மூன்று வரி. எண் நாளை வரும், செவ்வாய் சரி, ஆனால் முதலாவது தப்பு: 4200 முழுக்க இனிப்புத் தட்டுகளுக்கே வேண்டும், மடக்குப் பலகை அதற்கு மேல் தனியாக 600. அதாவது மொத்தம் 4800. போனில் இருவருமே ஃபோர் டூ என்றுதான் சொன்னோம், இருவருக்கும் சந்தேகமே வரவில்லை. அந்த ஊக வரி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இது ஜூன் 30 இரவு மாலுக்குள் கவுன்டரை இறக்கி வைத்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

இப்படித் திருத்தம் வரும்போது பழைய மெயிலைத் திறந்து எண்ணை மாற்றித் திரும்ப அனுப்பாதீர்கள். அதே மெயில் தொடரில் பதிலாக, மாறிய வரிகளை மட்டும் எழுதுங்கள். எது எதை மாற்றுகிறது என்று சொல்லுங்கள். நாங்கள் அனுப்பியது இவ்வளவுதான்:

> 1-க்குப் பதிலாக: கவுன்டர் 4200 மி.மீ., மடக்குப் பலகை தனியாக 600 மி.மீ., மொத்தம் 4800 மி.மீ.
> 2-க்குப் பதிலாக: கூடுதல் விலை 18800 ராண்ட், வாட் தனி. வாட் சேர்த்து 21620 ராண்ட். காலையில் சொன்ன 9400 இனி இல்லை.
> 3, 4, 5, 7, 8 மாறவில்லை. 6: செவ்வாய் 17 என்று உறுதி செய்ததற்கு நன்றி. 9, 10 இன்னும் முடிவாகவில்லை.
> விலை மாறியிருப்பதால் இதற்கு அண்ணனின் பதிலும் வேண்டும்.

விலை இரண்டு மடங்கானதால் அண்ணன் புதன்கிழமை காலை போன் செய்து கொஞ்சம் பேரம் பேசினார். முதலாளியிடம் கேட்டு 18000-க்கு ஒத்துக்கொண்டோம், வாட் சேர்த்து 20700. அதையும் ஒரு வரியில் அதே தொடரில் போட்டேன். மதியம் 2.40-க்கு "சரி, வேலையை ஆரம்பியுங்கள்" என்று கீழே தன் பெயரோடு பதில் போட்டார். அந்தப் பதிலை வேலை எண் 214 கோப்பில் சேமித்து, படம் வரைபவருக்கு 4800 என்ற எண்ணை அனுப்பினேன். குவார்ட்ஸ் விலையை வெள்ளிக்கிழமை அனுப்பியபோது ஆன்ட்டி வேண்டாம் என்றார், கிரானைட்டே போதுமாம். சான்றிதழ் விஷயத்துக்கு மட்டும் இன்னும் இரண்டு மெயில் போட வேண்டியிருந்தது.